வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்குக் கண்ணப்பர் கதை

சைவநெறிப் பாடவேளையில் ஆசிரியை தேவாரம் ஒன்றைப் பாடச் சொல்கிறார். ஒரு மாணவன் எழுந்து, புத்தகத்தில் விரலை ஓட்டிக்கொண்டே பிழையில்லாமல் பாடி முடிக்கிறான். அடுத்த பக்கத்திலுள்ள உரைநடைப் பந்தியை அவனையே வாசிக்கச் சொன்னால் முதல் வரியிலேயே தொண்டை அடைத்துக்கொள்கிறது. ‘பாட்டை இவ்வளவு வடிவாக வாசித்தவன் இதை வாசிக்கமாட்டானாம், பஞ்சி’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மையில் அவன் பாட்டையும் வாசிக்கவில்லை. வீட்டிலும் கோயிலிலும் காதால் கேட்டு மனப்பாடம் செய்ததைப் பாடினான். விரல் வெறுமனே ஓடியது. பாடி முடித்ததும் நடு அடியில் உள்ள ஒரு சொல்லைச் சொல்லி, “அது எங்கே இருக்கிறது, காட்டு” என்று கேட்டிருந்தால் உடனே தெரிந்திருக்கும். வாசிக்கத் தெரிந்த பிள்ளை இரண்டு மூன்று நொடியில் காட்டிவிடும். இவன் பாட்டை மறுபடி முதலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வரவேண்டும்.

இலங்கைப் பாடசாலைகளில் சமயம் விருப்பப் பாடம் அல்ல. முதலாம் தரம் தொடங்கிப் பதினோராம் தரம்வரை சைவநெறி, இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம், பௌத்தம் என அவரவர் சமயத்தைப் படிக்கவேண்டும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையிலும் அது கட்டாயப் பாடம். வாசிப்பில் இடர்ப்படும் பிள்ளை இந்தப் பாடத்தைவிட்டு ஒதுங்கிப் போக முடியாது. அதே சமயம், கண்ணால் பார்த்தும் காதால் கேட்டும் வாயால் சொல்லியும் பழகிய பொருளே சமயப் பாடத்தில் அதிகம். எழுத்துக் கூட்டத் தெரியாத பாட்டிக்குப் புராணம் முழுக்கத் தெரிந்திருப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஆகையால் இங்கே வாசிப்புத் தடையைச் சுற்றிப் போக வழி உண்டு. அதை எப்படிச் செய்வது, எங்கே சறுக்கும் என்பதை ஒரே ஒரு பாடத்தை, கண்ணப்ப நாயனார் வரலாற்றை, எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

முதலில் தடை எங்கே என்று பார்க்கவேண்டும்

வாசித்து விளங்குவது என்பது இரண்டு திறன்கள் சேர்ந்த வேலை என்று 1986இல் பிலிப் கௌ, வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் எளிமையாக வகுத்துச் சொன்னார்கள். ஒன்று, எழுத்தைப் பார்த்து ஒலியாக்கிச் சொல்லைப் பிடிப்பது. மற்றது, அந்தச் சொற்கள் சொல்லும் பொருளை மொழியாக விளங்கிக்கொள்வது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பந்தி விளங்காது. ஆனால் எது இல்லை என்பதைப் பொறுத்து ஆசிரியர் செய்யவேண்டியது முற்றிலும் மாறும்.

கண்டுபிடிக்கப் பரீட்சைத் தாள் எதுவும் வேண்டாம். பந்தியை ஆசிரியரே நிதானமாக ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு, பிள்ளையிடம் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். கேட்டதும் சரியாகப் பதில் சொல்லும் பிள்ளைக்கு மொழியும் விளக்கமும் இருக்கின்றன, எழுத்துத்தான் தடை. அந்தப் பிள்ளைக்குப் பொருளைக் குறைக்கக்கூடாது, எழுத்தின் சுமையை மட்டும் குறைக்கவேண்டும். வாசித்துக் காட்டியும் பதில் வரவில்லை என்றால் சொற்களோ வசன அமைப்போ அந்தப் பிள்ளைக்கு எட்டவில்லை. அப்போதுதான் மொழியை எளிதாக்கும் வேலை. இந்த இரண்டையும் பிரிக்காமல் எல்லோருக்கும் ஒரே ‘இலகு பந்தி’யைக் கொடுப்பதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று, எழுத்துத் தடுமாற்றம் ஒன்றுக்காகவே, நான்கு வரிக் கதையோடு ஆண்டு முழுக்கப் பசியோடு இருந்துவிடும்.

தமிழில் எழுத்துத் தடுமாறும் பிள்ளை எங்கே விழும் என்பதும் ஓரளவு தெரிந்ததே. ‘ெ’, ‘ே’, ‘ை’ ஆகிய குறிகள் எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலியோ பின்னால் வரும். ‘கொ’வில் குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கும். ல, ள, ழ என்றும் ந, ன, ண என்றும் ஒலியில் நெருங்கிய எழுத்துகள் வேறு. இவை எல்லாப் பாடத்துக்கும் பொது. சமயப் பாடத்துக்கே உரிய தொல்லை, சொற்கள் புணர்ந்து நீளுவது. ‘பொன்முகலியாற்று’, ‘எழுந்தருளியிருந்த’ போன்ற சொற்களில் எங்கே நிறுத்தி மூச்சு விடுவது என்றே பிள்ளைக்குத் தெரியாது. வடமொழி வழி வந்த ‘அபிஷேகம்’, ‘நைவேத்தியம்’ போன்ற சொற்கள் கோயிலில் காதுக்குப் பழக்கமானவை. தாளில் கண்டால் அடையாளம் தெரியாது.

பந்தியைப் பிரித்து எழுதுவது

சமய நூல்களின் நடையில் அமைந்த ஒரு வசனத்தைப் பாருங்கள். உதாரணத்துக்காக எழுதியதுதான், ஆனால் இந்த மாதிரி வசனம் நமக்குப் புதிதல்ல:

‘வேடர் குலத்திற் பிறந்து வேட்டையாடுவதற்காகக் காளத்தி மலைச்சாரலுக்கு வந்த திண்ணனார், அங்கு எழுந்தருளியிருந்த குடுமித்தேவரைக் கண்ட மாத்திரத்தே அன்பு மேலிட்டு, தாம் வேட்டையாடிச் சுட்டுச் சுவைபார்த்த இறைச்சியையும், வாயிற் கொணர்ந்த பொன்முகலியாற்று நீரையும், தலையிற் செருகிவந்த மலர்களையும் கொண்டு வழிபட்டமை, நாள்தோறும் ஆகம விதிப்படி பூசை செய்துவந்த சிவகோசரியாரின் மனத்தைப் பெரிதும் வருத்தியது.’

முப்பத்தெட்டுச் சொல்; ஒரே ஒரு முற்றுவினை, அதுவும் கடைசிச் சொல். யார் வந்தார் என்பது ‘வந்த’ என்பதற்குப் பிறகுதான் தெரிகிறது. இந்த வசனத்தின் எழுவாய் ‘வழிபட்டமை’ என்பதைக் கண்டுபிடிக்கும்போது வாசகர் இருபத்தொன்பதாவது சொல்லுக்கு வந்துவிடுகிறார். நன்றாக வாசிப்பவர் இவ்வளவையும் மனதில் தாங்கிக்கொண்டு போவார். ஒவ்வொரு சொல்லையும் எழுத்துக் கூட்டிப் போகும் பிள்ளைக்கு, பத்தாவது சொல்லை எட்டும்போது முதலாவது சொல் மறந்துவிட்டிருக்கும்.

எளிதாக்குவது என்றால் சிறிய சொற்களாகப் பார்த்து மாற்றிப் போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். தமிழில் சொல்லைவிட வசனக் கட்டுத்தான் பிள்ளையை அதிகம் மறிக்கிறது. எனவே முதலில் எச்சங்களை அவிழ்க்கவேண்டும். ‘வந்த திண்ணனார்’ என்பது ‘திண்ணனார் வந்தார்’ ஆகவேண்டும். ஒரு வசனத்தில் ஒரு செயல் மட்டும் நிற்கவேண்டும். தமிழில் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவது இயல்பு. இங்கே அந்த இயல்பை மறந்து, ஒவ்வொரு வசனத்திலும் பெயரைத் திரும்பச் சொல்லவேண்டும். படிக்க அலுப்பாக இருக்கும்தான். ஆனால் ‘அவர்’ என்றால் திண்ணனாரா சிவகோசரியாரா என்று பிள்ளை திகைக்காது. இப்படி:

திண்ணனார் ஒரு வேடர்.
திண்ணனார் காளத்தி மலைக்கு வந்தார்.
அங்கே ஒரு சிவலிங்கம் இருந்தது.
திண்ணனாருக்குச் சிவன்மேல் அன்பு வந்தது.
திண்ணனார் இறைச்சியைச் சிவனுக்குப் படைத்தார்.
திண்ணனார் வாயில் தண்ணீர் கொண்டுவந்தார்.
அந்தத் தண்ணீரால் அபிஷேகம் செய்தார்.
திண்ணனார் தலையில் பூ வைத்திருந்தார்.
அந்தப் பூவைச் சிவனுக்குச் சாத்தினார்.

சிவகோசரியார் ஒரு பூசகர்.
சிவகோசரியார் ஆகம முறைப்படி பூசை செய்வார்.
சிவகோசரியார் லிங்கத்தின்மேல் இறைச்சியைக் கண்டார்.
சிவகோசரியார் மிகவும் மனம் வருந்தினார்.

இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்கவேண்டும். ‘திண்ணன் வந்தான்’ என்று எழுதினால் இன்னும் ஓர் எழுத்துக் குறையும். ஆனால் நாயனாரை ‘வந்தான்’ என்பது சைவ வீட்டுப் பிள்ளையின் காதில் உறுத்தும். மரியாதை விகுதியில் சிக்கனம் பார்க்கவேண்டியதில்லை. அடுத்தது, ‘அபிஷேகம்’, ‘ஆகமம்’ என்ற சொற்களை நீக்கவில்லை. அவை அந்தப் பிள்ளை கோயிலில் கேட்கும் சொற்கள், பரீட்சையிலும் வரும் சொற்கள். ஒரு பாடத்துக்கு நான்கைந்து சொற்களை அப்படியே வைத்துக்கொண்டு, பந்தியைத் தொடங்கும் முன்பே வாயால் பழக்கி, கரும்பலகையில் அசை பிரித்து எழுதிவிடவேண்டும்: அபி – ஷே – கம். கடைசியாக, திண்ணனார் செய்ததையும் சிவகோசரியார் செய்ததையும் தனித்தனிப் பந்தியாகப் பிரித்திருப்பது வசதிக்காக மட்டும் அல்ல. அந்த இரு வழிபாட்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் கதையே இருக்கிறது.

அச்சிடும்போதும் சில கவனங்கள் உண்டு. எழுத்து 14 புள்ளி அளவுக்குக் குறையக்கூடாது, 16 இருந்தால் நல்லது. வரிகளுக்கு நடுவே ஒன்றரை மடங்கு இடைவெளி விடவேண்டும். வலப்பக்க ஓரத்தைச் சமப்படுத்தக் கூடாது. சமப்படுத்தினால் சொற்களுக்கிடையே வெள்ளை ஓட்டைகள் விழுந்து கண் தடுமாறும். வசனம் வரியின் நடுவே உடைந்து அடுத்த வரிக்குப் போகாமல், மேலே உள்ளதுபோல் ஒரு வரிக்கு ஒரு வசனமாக நிற்கவேண்டும்.

பழைய நூலைப் பிள்ளைகளுக்காகப் பிரித்து எழுதுவது நமக்குப் புதிய யோசனை அல்ல. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், சேக்கிழாரின் செய்யுளை வசனமாக்கிப் பெரியபுராண வசனம் எழுதினார், பாலபாடங்கள் எழுதினார், சமய அறிவைச் சிறு கேள்வியும் சிறு பதிலுமாக்கிச் சைவ வினாவிடை எழுதினார். செய்யுள் எட்டாதவருக்கு வசனம் என்பது அன்றைய எளிதாக்கல். அந்த வசனம் எட்டாத பிள்ளைக்கு இன்னும் ஒரு படி கீழே இறங்கிப் போடுகிறோம், அவ்வளவுதான்.

எளிதாக்கும்போது எதைத் தொலைக்கிறோம்

சுருக்கும் கை கதையின் உயிரையும் சேர்த்து வெட்டிவிடுவது உண்டு. கண்ணப்பர் வரலாற்றைச் சுருக்கச் சொன்னால் பெரும்பாலும் வருவது இது: ‘திண்ணனார் சிவனை வணங்கினார். சிவனின் கண்ணில் இரத்தம் வந்தது. திண்ணனார் தன் கண்ணைக் கொடுத்தார். சிவன் அருள் கொடுத்தார்.’ நான்கு வசனம், சுலபமான சொற்கள், தகவல் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் சிவகோசரியார் காணாமல் போய்விட்டார். அவர் போனதும், முறை தெரிந்தவரின் பூசைக்கும் முறை தெரியாதவரின் அன்புக்கும் நடுவே நின்று இந்தக் கதை கேட்கும் கேள்வியும் போய்விட்டது. மிஞ்சுவது, ஒருவர் தன் கண்ணைப் பிடுங்கினார் என்ற பயங்கரம் மட்டும். சிறு பிள்ளை அதிலிருந்து, உடம்பை வருத்திக்கொண்டால்தான் சாமிக்குப் பிடிக்கும் என்று எடுத்துக்கொண்டால் பிழை பிள்ளையுடையது அல்ல.

ஆகவே எழுத உட்காரும் முன் ஆசிரியர் தனக்குத்தானே ஒரு கேள்விக்குப் பதில் எழுதிவைக்கவேண்டும்: இந்தப் பாடம் முடிந்ததும் பிள்ளைக்கு எது விளங்கியிருக்கவேண்டும்? கண்ணப்பர் பாடத்துக்கு அது ஒரு வசனத்தில் அடங்கும்: திண்ணனாருக்குப் பூசைமுறை தெரியாது, ஆனால் தனக்கு எது சிறந்ததோ அதைச் சிவனுக்குக் கொடுத்தார், சிவன் அதை ஏற்றுக்கொண்டார். இந்த வசனத்தைத் தாங்கும் எந்த நிகழ்ச்சியையும் வெட்டக்கூடாது. திண்ணனாரின் தந்தை பெயர் நாகன், ஊர் உடுப்பூர், கூட வந்தவர்கள் நாணனும் காடனும் என்பதையெல்லாம் தாராளமாக விட்டுவிடலாம், வாயால் சொல்லிக்கொள்ளலாம்.

ஆறு படம்

கும்பகோணத்துக்கு அருகே தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் நாயன்மார் வரலாறுகளைச் சின்னஞ்சிறு கற்சிற்பங்களாக வரிசையில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில், சோழர் காலத்தில் எழுந்த கோயில் அது. ஒரு நாயனாருக்குப் பக்கம் பக்கமாகச் சொல்லவேண்டியதை ஒரு சாண் கல்லில் சொல்லவேண்டுமானால் சிற்பி எந்தக் கணத்தைத் தேர்வது என்று முடிவெடுத்திருக்கவேண்டும். வகுப்புக்குப் படம் தயாரிக்கும் ஆசிரியரும் எடுக்கவேண்டிய முடிவு அதுவே.

கண்ணப்பருக்கு ஆறு படம் போதும். ஒன்று, திண்ணனார் மலையில் லிங்கத்தைக் காண்கிறார். இரண்டு, கையில் இலையில் பொதிந்த இறைச்சி, நீரால் உப்பிய கன்னம், தலையில் பூவோடு வருகிறார். மூன்று, சிவகோசரியார் லிங்கத்தின்மேல் இறைச்சியைக் கண்டு தலையில் கைவைக்கிறார். நான்கு, கனவில் சிவன் சொன்னபடி சிவகோசரியார் மறைந்து நின்று பார்க்கிறார். ஐந்து, லிங்கத்தின் கண்ணில் இரத்தம், திண்ணனார் பதறுகிறார். ஆறு, திண்ணனார் தன் ஒரு கண்ணைக் கொடுத்துவிட்டார். இப்போது மற்றக் கண்ணிலும் இரத்தம். இடம் தெரிவதற்காகக் காலை அந்தக் கண்ணருகே ஊன்றியிருக்கிறார். அம்பை எடுத்த கையைச் சிவனின் கை பிடிக்கிறது. அம்பு கண்ணில் பாயும் படம் வேண்டாம். அதைப் போட்டால் வகுப்பு முழுக்க அந்த ஒரு படத்தைப் பற்றியே பேசும்.

கோட்டுப்படம் போதும், வர்ணம் வேண்டியதில்லை. ஒரு படத்தில் ஒரு செயல், பின்னணியில் தேவைக்குமேல் மரமும் மானும் இல்லாமல் இருக்கவேண்டும். ஒருவரே ஆறு படத்திலும் அடையாளம் தெரியும்படி திண்ணனாருக்கு வில், சிவகோசரியாருக்குப் பூணூலும் செம்பும் என்று ஓர் அடையாளத்தை விடாமல் போடவேண்டும். கையால் வரைந்து தடித்த அட்டையில் ஒட்டினால் பல ஆண்டு பாவிக்கலாம். வரையத் தெரியாது என்பவர்கள் வகுப்பில் நன்றாக வரையும் பிள்ளையிடம் கேட்கலாம். எழுத்தில் பின்தங்கிய பிள்ளைதான் சில வேளை அந்தக் கையாக இருக்கும்.

படம் நல்லதா என்று பார்க்க ஒரு வழி: பாடம் தெரியாத ஒருவரிடம் எழுத்தில்லாமல் காட்டி, ‘இதில் என்ன நடக்கிறது?’ என்று கேளுங்கள். ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தால் சரி. ஆளுக்கொரு பதில் வந்தால் படம் அழகாக இருக்கலாம், பாடத்துக்கு உதவாது. ‘பக்தி’, ‘அருள்’ போன்றவற்றைப் படமாக்கப் பார்ப்பதும் வீண். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போட்டால் அருள் விளங்கிவிடாது. அதற்குக் கதையும் பேச்சும்தான் வழி.

மற்றச் சமயங்களுக்கு இதே அட்டை முறை அப்படியே பொருந்தாது. கத்தோலிக்கப் பிள்ளைக்குத் தேவாலயச் சுவரில் சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளும் ஏற்கெனவே வரிசைப்படுத்திய படங்களாக இருக்கின்றன. அங்கே கூட்டிப்போய் நிற்கவைத்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். இஸ்லாம் பாடத்தில் நபிமாரை உருவமாக வரையக்கூடாது. அங்கே 622ஆம் ஆண்டு ஹிஜ்ரத்தை விளக்க, மக்காவையும் மதீனாவையும் தௌர் குகையையும் குறித்த பாதைப்படம் ஒன்று நன்றாக வேலை செய்யும். வுழூச் செய்யும் ஒழுங்கைக் கை, வாய், மூக்கு, முகம், முழங்கைவரை கை, தலை, கால் என்று உறுப்புகளை மட்டும் வரைந்து அடுக்கச் சொல்லலாம். வேறு சமயப் பிள்ளைகளுக்கு அட்டை செய்யும் ஆசிரியர் அந்தச் சமயம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுத்தான் வகுப்புக்குள் கொண்டுபோகவேண்டும்.

நாற்பது நிமிடத்தில் வாய்வேலை

முதலில் நிறுத்தவேண்டியது, வரிசையாக எழுப்பி ஆளுக்கொரு பந்தி வாசிக்கவைக்கும் பழக்கத்தை. தடுமாறும் பிள்ளை தன் முறை எந்தப் பந்தியில் வரும் என்று ஆட்களை எண்ணிக்கொண்டிருக்கும். அதுவரை மற்றவர்கள் வாசித்தது எதுவும் காதில் ஏறாது. தன் முறை வந்ததும் வகுப்புச் சிரிக்கும். அதற்குப் பதிலாக ஆசிரியர் தானே இருமுறை வாசிக்கலாம். முதல்முறை படங்களை ஒவ்வொன்றாக உயர்த்திக் காட்டியபடி, இரண்டாம் முறை பிள்ளைகள் எளிய பந்தியில் விரல் வைத்துத் தொடர. இதற்குப் பத்து நிமிடம்.

அடுத்த பத்து நிமிடம், இருவர் இருவராக ஆறு அட்டைகளைக் குலைத்து ஒழுங்குபடுத்தி, ஒருவர் மற்றவருக்குக் கதை சொல்லவேண்டும். கேட்பவருக்கும் ஒரு வேலை உண்டு: கரும்பலகையில் உள்ள ஐந்து சொற்களில் எவை வந்தன என்று கோடு போட்டுக்கொள்வது. இந்த வேலை இல்லாவிட்டால் கேட்பவர் யன்னலுக்கு வெளியே பார்ப்பார்.

பிறகு ஒருவரைக் கதிரையில் உட்காரவைத்து, அவர்தான் சிவகோசரியார் என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் கேள்வி கேட்கலாம். மனப்பாடம் செய்த பதில் இங்கே உதவாது. வாய்மொழி என்றால் ஒப்புவித்தல் என்று நம்மில் பலருக்குப் பழகிவிட்டது; சமயப் பாடத்தில் அந்தப் பழக்கம் இன்னும் அதிகம். ஒப்புவிக்கும் பிள்ளைக்கு விளங்கியதா என்று ஒப்புவித்தலால் அறிய முடியாது. ‘என்ன செய்தார்’ என்பதோடு ‘ஏன்’ என்பதையும் கேட்டால்தான் தெரியும். ஏழாம் தர வகுப்பு ஒன்றில் இப்படி நடக்கலாம்:

“சிவகோசரியாருக்கு ஏன் கவலை வந்தது?”

“லிங்கத்துக்கு மேல இறைச்சி கிடந்தது ரீச்சர். அவர் துப்பரவா வைச்சிருக்கிற இடம். ஆர் செய்தது எண்டும் அவருக்குத் தெரியாது.”

“அப்ப திண்ணனார் செய்தது பிழையோ?”

“அவருக்கு முறை தெரியாது ரீச்சர். தான் சாப்பிட்டுப் பாத்து நல்லதைத்தான் குடுத்தவர்.”

“ஏன் காலைத் தூக்கி வைச்சவர்? சாமியை ஆரும் காலால தொடுவினமோ?”

“மற்றக் கண்ணையும் எடுத்தா அவருக்குக் கண் தெரியாதுதானே. பிறகு எந்த இடத்தில வைக்கிறது எண்டு தெரியாது. அதுக்குத்தான்.”

இந்தப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்தால் ‘திணனர் கலதி மலகு வதர்’ என்பதுபோல் ஒரு வரி இருக்கலாம். கொப்பியை மட்டும் பார்த்துப் புள்ளி போட்டால் பத்துக்கு ஒன்று கிடைக்கும். வாயால் சொன்ன பதிலோ பாடத்தின் மையத்தையே பிடித்திருக்கிறது. கடைசிப் பதிலில் உள்ள காரணத்தை, பந்தியைச் சரளமாக வாசித்த பலர் கவனித்திருக்கமாட்டார்கள். காலைப் பற்றிய கேள்வியை மறக்காமல் கேட்பது நல்லது. படத்தைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு மனதில் எழுகிற கேள்வி அது. கேட்காமல் விட்டால் வீட்டுக்குப் போய் ‘அவர் சாமிக்கு உதைஞ்சவர்’ என்று சொல்லும் பிள்ளையும் உண்டு.

புள்ளியைப் பொறுத்தவரை, எழுத்துப் பதிலுக்கு வைத்திருக்கும் அதே புள்ளித்திட்டத்தை வாய்ப்பதிலுக்கும் வைக்கவேண்டும். ஐந்து விஷயம் எதிர்பார்த்தால் ஐந்தும் வந்ததா என்று பார்க்கவேண்டும். ‘பாவம், இவ்வளவாவது சொன்னான்’ என்று தாராளம் காட்டினால் அந்தப் புள்ளிக்கு மதிப்பில்லை. எது விளங்கவில்லை என்று ஆசிரியருக்கும் தெரியாமல் போகும். முப்பத்தைந்து பேர் உள்ள வகுப்பில் எல்லோரையும் தனித்தனியாகக் கேட்க முடியாது. ஒரு பாடவேளைக்கு மூன்று நான்கு பேர் என்று முறை வைத்தால் ஒரு தவணைக்குள் சுற்றி வந்துவிடலாம்.

வகுப்பில் யாருக்கு எந்தத் தாள்

எளிய பந்தியைத் தடுமாறும் பிள்ளைகளுக்கு மட்டும் வேறு நிறத் தாளில் கொடுத்தால் அடுத்த நாளே அதற்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்துவிடும். தாளைப் பிள்ளை புத்தகத்துக்குள் ஒளிக்கத் தொடங்கினால் இது நடந்துவிட்டது என்று அறியலாம். ஒரே தாளில் மேலே ஆறு படம், கீழே எளிய பந்தி, பின்பக்கத்தில் முழுப் பந்தி, இரண்டுக்கும் ஒரே கேள்விகள் என்று அச்சிட்டு எல்லோருக்கும் கொடுத்தால் யார் எந்தப் பக்கத்தைப் படிக்கிறார் என்பது பெரிதாகத் தெரியாது. நன்றாக வாசிப்பவர்களும் முதலில் எளிய பக்கத்தைப் பார்த்துவிட்டு முழுப் பந்திக்குப் போவதைக் காணலாம்.

எழுத்துக்குத் திரும்பும் வழி

இவ்வளவு செய்தும் சாதாரண தரப் பரீட்சை எழுத்தில்தான் நடக்கும். சிறப்புத் தேவை உள்ள பரீட்சார்த்திகள் சலுகை கோரி விண்ணப்பிக்கலாம். அதற்கு மருத்துவ, பாடசாலை ஆவணங்கள் வேண்டும் என்பதால் பதினோராம் தரத்தில் அவசரப்படாமல் முன்கூட்டியே அதிபரிடம் பேசிவிடவேண்டும். சலுகை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், வாயால் சொன்னதை எழுத்துக்குக் கொண்டுவரப் படிப்படியாகப் பழக்கவேண்டும். முதலில் படத்தின் கீழே ஒரு சொல். பிறகு ‘சிவகோசரியார் மனம் வருந்தினார், ஏனென்றால் …’ என்று பாதி வசனத்தைக் கொடுத்து மீதியை எழுதவைப்பது. அதன்பின் மூன்று படத்துக்கு மூன்று வசனம். சொல்லச் சொல்ல ஆசிரியர் எழுதி, அதைப் பிள்ளையே திரும்ப வாசிப்பது இடையில் நல்ல படி. தன் வாயிலிருந்து வந்த சொற்களை வாசிப்பது பிறர் எழுதியதை வாசிப்பதைவிடச் சுலபம்.

இதனால் வாசிப்பு இடர்பாடு தீர்ந்துவிடும் என்று நினைத்துவிடக்கூடாது. சமயப் பாடத்தில் படத்தைப் பார்த்துப் பொருளை ஊகிப்பதில் குற்றமில்லை, ஆனால் அது எழுத்தைப் படிப்பது ஆகாது. எழுத்தையும் ஒலியையும் சேர்த்துப் பழக்கும் வேலை மொழிப் பாடத்திலோ விசேட கல்வி ஆசிரியரிடமோ தனியாக நடந்துகொண்டே இருக்கவேண்டும். படமும் வாய்வேலையும் அந்தக் காலத்தில் பிள்ளை தன் சமயத்தில் வகுப்பைவிட இரண்டு ஆண்டு பின்தங்காமல் காக்கும்.

எளிய பந்தியை எப்போது விலக்குவது என்பதற்கு ஒரு சோதனை உண்டு. பாடம் முடிந்து ஒரு வாரம் கழித்து, அந்த முப்பத்தெட்டுச் சொல் வசனத்தையே பிள்ளையிடம் கொடுத்து, மூன்று இடங்களில் கோடு போடச் சொல்லுங்கள்: வந்தவர் யார், அவர் கொடுத்தவை எவை, மனம் வருந்தியவர் யார். கதை ஏற்கெனவே தெரிந்திருப்பதால், முழு வசனத்தையும் எழுத்துக் கூட்டி முடிக்காத பிள்ளைகூட ‘திண்ணனார்’, ‘இறைச்சி’, ‘சிவகோசரியார்’ என்ற சொற்களைத் தேடிப் பிடிக்கும். மூன்றையும் பிடித்தால் அடுத்த பாடத்தில் எளிய பந்தியின் வசனங்களைச் சற்று நீட்டலாம். இரண்டு செயலை ஒரு வசனத்தில் சேர்க்கலாம். ஒன்றும் பிடிக்க முடியாவிட்டால் அடுத்த பாடத்துக்கும் வரிக்கு ஒரு வசனம்தான். அதோடு, வகுப்பாசிரியரிடமும் பெற்றோரிடமும் பேசி முறையான வாசிப்புப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டிய நேரமும் அதுதான்.